லாக்ரோலிங்: நமக்கு முக்கியமானதைப் பெற்று, அவருக்கு முக்கியமானதைக் கொடுக்கும் பேரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாக்ரோலிங் என்றால் என்ன? இருவரும் பாதிப் பாதி விட்டுக்கொடுக்கும் சமரசத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒரு பேச்சுவார்த்தையில் குறைந்தது இரண்டு விஷயங்களாவது முடிவாக வேண்டியிருந்து, அவற்றுள் ஒன்று உங்களுக்கும் மற்றொன்று எதிர்த்தரப்புக்கும் கூடுதல் முக்கியமாக இருக்குமானால், நீங்கள் உங்களுக்கு முக்கியமானதில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு அவருக்கு முக்கியமானதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கலாம். இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் பேச்சுவார்த்தைத் துறையில் லாக்ரோலிங் என்கிறார்கள். சமரசத்தில் ஒவ்வொரு விஷயத்திலும் நடுப்புள்ளி தேடப்படுகிறது. ஆகவே இருவருமே தமக்கு மிக வேண்டியதில் பாதியை இழந்து, அவ்வளவாக வேண்டாததில் பாதியைப் பெறுகிறார்கள். அது நியாயமாகத் தோன்றுவதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அப்படி முடிந்த பேரத்தில் இருவரும் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய பணம், இருவர் கைக்கும் வராமலே நின்றுவிடுகிறது.

கணக்கோடு ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியுமா?

கடை வாடகைப் பேச்சைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கற்பனையாக ஒரு பெண் மருந்துக்கடை வைக்க இடம் பார்க்கிறார் என்று கொள்வோம். கட்டட உரிமையாளர் மாத வாடகை 42,000 ரூபாயும், திருப்பித் தரக்கூடிய, வட்டியில்லாத அட்வான்ஸாக 8 லட்சமும் கேட்கிறார். அந்தப் பெண் வாடகை 34,000 என்றும் அட்வான்ஸ் 2 லட்சம் என்றும் சொல்கிறார். புரோக்கர் வழக்கம்போல நடுவில் நின்று, வாடகை 38,000, அட்வான்ஸ் 5 லட்சம் என்று முடித்துவைக்கப் பார்க்கிறார்.

இப்போது ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பெறும் என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் அந்தப் பணத்தை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில், அதாவது நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வட்டியில், கடன் வாங்கித்தான் கொடுக்கப் போகிறார். அவருக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் என்பது மாதம் 1,250 ரூபாய்ச் செலவு. உரிமையாளர் அதை வாங்கி வங்கியில் 7 சதவீத வட்டிக்கு வைப்புநிதியாகப் போடுவார். அவருக்கு அதே ஒரு லட்சம் மாதம் சுமார் 583 ரூபாய் வருமானம். ஒரே பணம், ஒருவருக்கு 1,250, மற்றவருக்கு 583. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எந்தத் தொகையை வாடகையில் ஏற்றிக்கொண்டு ஒரு லட்சம் அட்வான்ஸைக் குறைத்தாலும் இருவருக்கும் லாபம்தான்.

லட்சத்துக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கரின் நடுப்புள்ளியிலிருந்து அட்வான்ஸை 3 லட்சம் குறைத்து 2 லட்சமாக்கி, வாடகையை 2,700 ஏற்றி 40,700 ஆக்கினால், அந்தப் பெண்ணுக்கு வட்டியில் 3,750 மிச்சமாகி வாடகையில் 2,700 கூடுகிறது. நிகரமாக மாதம் 1,050 ரூபாய் லாபம். உரிமையாளர் 1,750 வட்டியை இழந்து 2,700 வாடகையைக் கூடுதலாகப் பெறுகிறார். அவருக்கு மாதம் 950 லாபம். இருவருக்கும் சேர்த்து மாதம் 2,000, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் 72,000 ரூபாய். பாதிப் பாதி என்று முடித்திருந்தால் அந்த 72,000 இருவரில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது. கடன் கொடுத்தவருக்கு வட்டியாகப் போயிருக்கும்.

அப்படியானால் அட்வான்ஸைக் குறைத்து வாடகையை ஏற்றுவதுதான் எப்போதும் நல்லதா?

இல்லை. திசையைத் தீர்மானிப்பது எதிரில் இருப்பவரின் நிலைமை. அதே உரிமையாளர் கட்டடத்தைக் கட்டி முடிக்க நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்றால், ஒரு லட்சம் அட்வான்ஸ் அவருக்கு மாதம் 2,000 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்தும். இப்போது அட்வான்ஸை அதிகமாக மதிப்பவர் அவர்தான். அட்வான்ஸை 5 லட்சத்திலிருந்து 8 லட்சமாக்கி, வாடகையை 38,000-இலிருந்து 33,100 ஆக்கினால், அவருக்கு வட்டியில் 6,000 மிச்சம், வாடகையில் 4,900 குறைவு. நிகர லாபம் 1,100. அந்தப் பெண்ணுக்கு 3,750 கூடுதல் வட்டி, வாடகையில் 4,900 குறைவு. நிகர லாபம் 1,150. இந்த 33,100 என்ற வாடகை, அந்தப் பெண் முதலில் சொன்ன 34,000-க்கும் கீழே இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரு தரப்பும் வாய்திறந்து சொன்ன எல்லைகளுக்கு வெளியேயும் நல்ல முடிவு இருக்கக்கூடும். நடுப்புள்ளி தேடுபவர் அங்கே போய்ப் பார்ப்பதே இல்லை.

நம் ஊரில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகையே இல்லாமல் வீட்டில் இருக்கும் ஒத்தி முறை, பேச்சு வழக்கில் 'லீஸ்' என்று சொல்லப்படுவது, இதே பரிமாற்றம் கடைசி எல்லைவரை போன வடிவம்தான். மொத்தப் பணம் அவசரமாகத் தேவைப்படும் உரிமையாளரும், கையில் சேமிப்பு இருந்து மாதச் செலவைக் குறைக்க விரும்பும் குடும்பமும் சந்திக்கும் இடத்தில் அது இருவருக்கும் பொருந்துகிறது. வேறு இடத்தில் பொருந்துவதில்லை.

இந்தத் திசையில் போகும்போது ஒரு கண்ணி உண்டு. கடனில் இருக்கும் உரிமையாளரிடம் 8 லட்சம் கொடுப்பவர், காலி செய்யும் நாளில் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பணம் கடனை அடைக்கப் போய்விட்டிருக்கும். அடுத்த வாடகைக்காரர் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தருவேன் என்பார். ஆகவே மாதம் 1,150 லாபம் என்பதை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸிலிருந்தே கழித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்த நிபந்தனை உரிமையாளருக்கு இன்று ஒரு ரூபாய்கூடச் செலவு வைக்காது. வாடகைக்காரருக்கு அது பல லட்சத்துக்கான காப்பு.

எதிர்த்தரப்புக்கு எது முக்கியம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால் எல்லாமே முக்கியம் என்றுதானே சொல்வார்?

"உங்களுக்கு எது முக்கியம்?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். இரண்டு விஷயங்களையும் ஒரே கேள்வியில் கோர்த்துக் கேட்க வேண்டும். "சார், அட்வான்ஸில் ஒரு லட்சம் குறைத்துக்கொண்டால் வாடகையில் எவ்வளவு சேர்த்துத் தர வேண்டியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடும்மா, போதும்" என்று சட்டென்று பதில் வந்தால், அவரிடம் அந்த ஒரு லட்சத்துக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். "அட்வான்ஸில் கைவைக்காதே, வேண்டுமானால் வாடகையைப் பார்த்துச் செய்யலாம்" என்று சொன்னால், மொத்தப் பணத்துக்கு அவருக்கு ஏதோ அவசரம் இருக்கிறது. இந்தக் கேள்வியில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதைவிட உறுதியான வழி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முழு முன்மொழிவுகளை வைப்பது. அவை எல்லாமே உங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். அதுதான் இதன் உயிர்நாடி. மேலே சொன்ன பெண் தன் கணக்கான லட்சத்துக்கு 1,250 ரூபாயைக் கொண்டு மூன்று முன்மொழிவுகளை எழுதுகிறார். முதலாவது, 2 லட்சம் அட்வான்ஸ், 40,000 வாடகை. இரண்டாவது, 4 லட்சம் அட்வான்ஸ், 37,500 வாடகை. மூன்றாவது, 6 லட்சம் அட்வான்ஸ், 35,000 வாடகை. எதை எடுத்தாலும் அவருடைய மாதச் செலவு 42,500-தான். ஆனால் பணத்தை வங்கியில் போடும் உரிமையாளர் முதலாவதை நோக்கிப் போவார். இரண்டு ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் மூன்றாவதைத் தொடுவார். அவர் எதையும் ஏற்காமல் "மூன்றில் இது கொஞ்சம் பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாலும் போதும். தன் கடனைப் பற்றியோ சேமிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசாமலே தன் முன்னுரிமையைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் திசையிலேயே இன்னும் நகர்த்திப் பேசலாம்.

இங்கே பலர் செய்யும் பிழை, தமக்குப் பிடித்த முன்மொழிவு ஒன்றையும், பெயருக்காக மட்டமான இரண்டையும் வைப்பது. எதிரில் இருப்பவர் அதைக் கண்டுகொள்வார். அவருடைய தேர்விலிருந்து உங்களுக்குத் தெரியவருவதும் ஒன்றுமில்லை.

என் முன்னுரிமையை நான் சொல்லிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பிழிந்துவிட மாட்டார்களா?

இந்த அச்சம் நியாயமானது. ஆனால் எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. வரிசையைச் சொல்வது வேறு, எல்லையைச் சொல்வது வேறு. "வாடகையைவிட அட்வான்ஸ்தான் எனக்குப் பாரம்" என்று சொல்வது பரிமாற்றத்துக்கு வழி திறக்கிறது. "இந்தக் கடை கிடைக்காவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை" என்று சொல்வதுதான் பிழியவிடும். முதலாவதைச் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லக் கூடாது.

எதிர்த்தரப்பு நேர்மையற்றவராக இருந்தால் வேறொரு தந்திரம் வரும். உங்களுக்கு அட்வான்ஸ் முக்கியம் என்று தெரிந்தவுடன், தனக்கும் அதுவே உயிர் என்று நடித்து, அதை விட்டுக்கொடுப்பதற்கு அதிக விலை கேட்பார். இதைக் கண்டுபிடிக்க, அவர் சொல்லைவிட அவர் தேர்வைப் பாருங்கள். அட்வான்ஸ் உயிர் என்பவரிடம், அட்வான்ஸை ஏற்றி வாடகையைக் குறைக்கும் முன்மொழிவைக் கொடுங்கள். உண்மையாகவே அவருக்கு அது வேண்டுமென்றால் ஆர்வத்தோடு கணக்குப் பார்ப்பார். நடிப்பு என்றால் தயங்குவார்.

ஒவ்வொரு விஷயமாகப் பேசி முடித்துக்கொண்டு போவதுதானே ஒழுங்கான முறை?

பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது, பரிமாற்றத்துக்கு அதுவே எமன். முதலில் வாடகையைப் பேசி 38,000 என்று முடித்துவிட்டால், பிறகு அட்வான்ஸைப் பேசும்போது அதற்கு ஈடாகக் கொடுக்க உங்கள் கையில் எதுவும் இல்லை. எல்லா விஷயங்களையும் மேசைமேல் வைத்து, "எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகாது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றைப் பற்றி விரிவாகப் பேசலாம்; முத்திரை மட்டும் குத்தக் கூடாது.

இன்னொரு இழப்பும் இதில் ஒளிந்திருக்கிறது. சில விஷயங்களில் இரு தரப்பும் ஒன்றையே விரும்பிக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடைக்காரர் அலமாரியும் குளிர்சாதனமும் போடுவதால் நீண்ட கால ஒப்பந்தத்தை விரும்புகிறார்; அடிக்கடி ஆள் மாறுவதை விரும்பாத உரிமையாளரும் அதையே விரும்புகிறார். ஆனால் இருவரும் அதை ஒரு சலுகைபோலக் கேட்கக் கூசி, வழக்கமான பதினொரு மாதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பேச்சுவார்த்தையை ஆராய்ந்த லீ தாம்சன் தம் சோதனைகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டார்: ஒருவருக்கு லாபமென்றால் மற்றவருக்கு நஷ்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள், ஒத்துப்போகும் விஷயத்தைக்கூட மோதலாகவே பார்க்கிறார்கள். விஷயங்களைத் தனித்தனியே நறுக்கிப் பேசும்போது அந்த எண்ணம் கடைசிவரை கலைவதே இல்லை.

எதுவரை இப்படி மாற்றிக்கொண்டே போகலாம்?

மதிப்பு வித்தியாசம் தீரும்வரை. அட்வான்ஸைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு வாடகையை இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். ஆனால் உரிமையாளருக்கு அட்வான்ஸ் வெறும் வட்டி வருமானம் அல்ல. வாடகை நின்றுபோனாலோ கரண்ட் பில் பாக்கி வைத்துவிட்டுப் போனாலோ அதுதான் அவருக்குப் பிடிமானம். எட்டாவது லட்சமும் ஏழாவது லட்சமும் அவருக்கு 583 ரூபாய் பெறும் என்றால், முதல் இரண்டு லட்சங்கள் அதைவிட எத்தனையோ மடங்கு பெறும். மேலே சொன்ன 2 லட்சம், 40,700 வாடகைக்கு ஐந்து மாதத் தொகைக்குச் சற்றுக் குறைவு. அதற்குக் கீழே போகச் சொன்னால், லட்சத்துக்கு 900 ரூபாய் என்ற விலையில் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்ளாதது பிடிவாதமும் அல்ல. ஒவ்வொரு படியிலும் அந்த அடுத்த ஒரு லட்சத்தின் மதிப்பைப் புதிதாகக் கேட்க வேண்டும் என்பதால்தான், ஒரே தாவலாகக் கடைசி எல்லைக்குப் போகாமல் படிப்படியாக நகர்த்தச் சொல்கிறார்கள்.

அரசியலில் கட்சிகள் செய்துகொள்ளும் பேரமும் இதுதானா?

இதுதான். அதற்கு மிகத் தெளிவான சான்று, 1790-இல் அமெரிக்காவில் நடந்த உடன்பாடு. கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், விடுதலைப் போருக்காக மாநிலங்கள் வாங்கிய கடனை ஒன்றிய அரசே ஏற்க வேண்டும் என்றார். கடனைத் திருப்பித் தரும் நாடு என்ற நம்பிக்கையைப் புதிய நாட்டுக்கு நிலைநாட்ட அதைவிட முக்கியமானது அவருக்கு எதுவும் இல்லை. தம் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டிருந்த வர்ஜீனியா, அடுத்தவர் கடனுக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று எதிர்த்தது. ஏப்ரல் மாதம் பிரதிநிதிகள் சபையில் அந்தத் திட்டம் தோற்றது. இன்னொரு பக்கம், தலைநகரைப் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வர்ஜீனியர்களின் பெருவிருப்பம். தலைநகர் எங்கே இருக்க வேண்டும் என்பது ஹாமில்டனுக்குக் கடனைப்போல உயிர்ப் பிரச்சினை அல்ல.

ஜூன் மாதம் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெபர்சன் நியூயார்க்கில் தம் இல்லத்தில் ஹாமில்டனையும், வர்ஜீனியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்திருந்த ஜேம்ஸ் மேடிசனையும் விருந்துக்கு அழைத்தார். ஜெபர்சன் பின்னாளில் எழுதிவைத்த குறிப்பின்படி, மேடிசன் கடன் திட்டத்துக்குத் தாம் வாக்களிக்க மாட்டேன் என்றும், ஆனால் கடுமையாக எதிர்க்க மாட்டேன் என்றும் ஒத்துக்கொண்டார். பொட்டோமாக் பகுதியைச் சேர்ந்த உறுப்பினர்கள் வாக்கை மாற்ற வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவைச் சமாதானப்படுத்த, பத்து ஆண்டுகளுக்குப் பிலடெல்பியா தற்காலிகத் தலைநகராயிற்று. தலைநகரைப் பொட்டோமாக் கரைக்குக் கொண்டுபோகும் சட்டம் ஜூலை 16 அன்றும், மாநிலக் கடனில் 2.15 கோடி டாலர் வரை ஏற்கும் சட்டம் ஆகஸ்ட் 4 அன்றும் கையெழுத்தாயின. அந்த ஒரு விருந்தே எல்லாவற்றையும் முடித்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. அதற்கு முன்பே பல பேச்சுகள் நடந்துகொண்டிருந்தன. பரிமாற்றத்தின் வடிவத்தில் மட்டும் ஐயமில்லை.

இருவருக்கும் நன்மை என்றால், சட்டமன்றப் பேரங்களுக்கு ஏன் கெட்ட பெயர்?

"இருவருக்கும்" என்ற சொல்லுக்கு வெளியே இருப்பவர்கள்தான் காரணம். 1790-இல் ஏற்றுக்கொண்ட கடனைத் தீர்க்கப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக 1791-இல் உள்நாட்டில் வடிக்கும் மதுவின்மீது வரி போட்டார்கள். மேற்குப் பென்சில்வேனியாவின் விவசாயிகள் தங்கள் தானியத்தை மதுவாக வடித்தே மலை கடத்தி விற்றுவந்தார்கள். அவர்களை அந்த வரி நேராகத் தாக்கியது. 1794-இல் அது கலகமாக வெடித்தது. விருந்து மேசையில் அவர்கள் சார்பில் யாரும் இல்லை. சபையில் இரண்டு உறுப்பினர்கள் ஒருவர் திட்டத்துக்கு மற்றவர் வாக்களிப்பதாகப் பேசிக்கொள்ளும்போதும் இதுவே நடக்கிறது; அவர்கள் பரிமாறிக்கொள்வது தங்கள் பணத்தை அல்ல, வரி கட்டுபவர்களின் பணத்தை.

மருந்துக்கடைப் பேரத்தில் இரு தரப்பும் சொந்தக் கையிலிருந்து கொடுத்ததால் அந்தக் கேள்வி எழவில்லை. ஆனால் அந்தக் கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுச்சொத்தாக இருந்து, அண்ணன் அட்வான்ஸைத் தாமே வைத்துக்கொண்டு வாடகையை மட்டும் பங்கிட்டுத் தருபவராக இருந்தால், அட்வான்ஸை ஏற்றி வாடகையைக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பகுதி தம்பியின் பங்கிலிருந்து போகிறது. லாபம் பெருகுவதுபோல் தோன்றும் இடத்தில், யாருடைய பங்கு சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பேரம் முடிந்து கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நடுப்புள்ளியில்தான் முடித்தோம் என்று இப்போது தெரிகிறது. இனி ஏதும் செய்ய முடியுமா?

முடியும். ஹார்வர்டில் பேச்சுவார்த்தை பற்றிக் கற்பித்த ஹோவர்ட் ரைஃபா 1980-களில் முன்வைத்த வழி இது: கையெழுத்தான ஒப்பந்தத்தை அப்படியே அடித்தளமாக வைத்துக்கொண்டு, இருவருமே இதைவிட மேலானது என்று ஒத்துக்கொண்டால் மட்டும் மாற்றுவது. ஒருவர் வேண்டாம் என்றாலும் பழைய ஒப்பந்தமே நிற்கும் என்பதால், இந்தக் கட்டத்தில் தம் நிலைமையை உள்ளபடி சொல்ல இருவருக்கும் பயம் குறைகிறது. "சார், 38,000-க்கும் 5 லட்சத்துக்கும் பேசி முடித்தோம், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த 5 லட்சத்தில் 3 லட்சத்தை நான் வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்திருக்கிறேன். அதை நீங்கள் வங்கியில் போட்டிருந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகையில் 2,700 சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இப்படியே இருக்கட்டும்" என்று கேட்கலாம். மாற்றிக்கொண்டால், அதை வாய்வார்த்தையாக விடாமல் பழைய பத்திரத்தோடு ஒரு துணை ஒப்பந்தமாக எழுதி, திருப்பிக் கொடுத்த தொகையையும் மீதி அட்வான்ஸையும் எழுத்தாலும் எண்ணாலும் குறித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். காலி செய்யும் நாளில் திரும்ப வர வேண்டியது 5 லட்சமா 2 லட்சமா என்ற தகராறு, இப்படி எழுதாமல் விட்ட இடங்களில்தான் முளைக்கிறது.